மண்கல், செங்கல், கான்கிரீட் கல்: நனைத்துப் பார்த்தால் வரிசை மாறும்

குறைந்த செலவில் வீடு கட்டப் போகிறவர்கள் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல்லைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது "எவ்வளவு பலம் வரும்?" என்பதுதான். உடனே ஒரு சோதனைத் தாள் கைக்கு வரும், அதில் 6 மெகாபாஸ்கல், 7 மெகாபாஸ்கல் என்று கம்பீரமான எண் இருக்கும், பக்கத்தில் சாதாரண செங்கல்லுக்கு 5 என்று இருக்கும். சரி, மண்கல்தான் ஜெயித்தது என்று தாளை மடித்து வைத்துவிடுவார்கள். அந்த 6 காய்ந்த கல்லின் எண்ணா, நனைந்த கல்லின் எண்ணா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாவிட்டால் மற்ற எதையும் படிக்கத் தோன்றாது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மூன்று கல். ஒன்று, 7 சதவீதம் சிமெண்ட் போட்டு அழுத்திய மண்கல், 230 × 190 × 100 மி.மீ. இரண்டாவது, சுமாராகச் சுட்ட செங்கல், 230 × 110 × 70. மூன்றாவது, 400 × 150 × 200 அளவுள்ள, துளை இல்லாத கான்கிரீட் கல். சுவரில் எப்படிப் படுத்திருக்குமோ அப்படியே அமுக்கு இயந்திரத்தில் வைத்து, மேலேயும் கீழேயும் மெல்லிய பிளைவுட் தட்டு வைத்து, உடையும்வரை சுமை ஏற்றுகிறோம். பிளைவுட் எதற்கு என்றால், கல்லின் முகத்தில் ஒரு மேடு இருந்தால் சுமை முழுவதும் அந்த மேட்டில் இறங்கி, கல் தன் பலத்தைக் காட்டும் முன்பே பிளந்துவிடும்.

மண்கல் காய்ந்த நிலையில் 290 கிலோநியூட்டனில் உடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை தாங்கும் பரப்பு 230 × 190, அதாவது 43,700 சதுர மி.மீ. வகுத்தால் 6.6 மெகாபாஸ்கல், அதாவது ஒவ்வொரு சதுர மி.மீ. பரப்பும் 6.6 நியூட்டன் சுமை தாங்குகிறது. அதே அச்சில் அழுத்திய இன்னொரு கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, ஈரத்தோடு உடைத்தால் 145 கிலோநியூட்டன், அதாவது 3.3. சரி பாதி. இந்த வகைக் கல்லுக்கு இது மோசமான விகிதமும் அல்ல, ஒழுங்காகச் செய்த கல் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்ளும். மற்ற இரண்டையும் அதே மாதிரி உடைத்து, தண்ணீர் உறிஞ்சும் அளவையும் பக்கத்தில் எழுதினால்:

| கல் | காய்ந்தது (மெகாபாஸ்கல்) | நனைந்தது (மெகாபாஸ்கல்) | நீர் உறிஞ்சல் |
|---|---|---|---|
| மண்கல் | 6.6 | 3.3 | 11% |
| செங்கல் | 5.1 | 4.3 | 17% |
| கான்கிரீட் கல் | 5.5 | 4.8 | 6% |

காய்ந்தபோது முதலிடத்தில் இருந்த மண்கல், நனைந்ததும் கடைசிக்குப் போய்விட்டது. இன்னொன்றையும் பாருங்கள். செங்கல் மண்கல்லைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் குடிக்கிறது, ஆனாலும் பலத்தில் ஆறில் ஒரு பங்குதான் இழக்கிறது. குறைவாகக் குடிக்கும் மண்கல் பாதியை இழக்கிறது. அப்படியானால், "எங்கள் கல் 11 சதவீதம்தான் உறிஞ்சும், செங்கல் 17 உறிஞ்சும், அதனால் எங்கள் கல் ஈரத்துக்கு உறுதியானது" என்று ஒருவர் சொன்னால், எண்கள் இரண்டும் உண்மையாக இருந்தும் முடிவு தப்பு.

காரணம் களிமண்ணில் இருக்கிறது. சூளையில் செங்கல் வேகும்போது களிமண் நிரந்தரமாக வேறு பொருளாகிவிடுகிறது. அதன் பொந்துகளுக்குள் தண்ணீர் போகும், வரும், பொந்தின் சுவர் இளகாது. மண்கல்லில் அப்படி இல்லை. சிமெண்ட் முக்கியமாக மணல் துகள்களைத்தான் பிடித்துக் கட்டுகிறது, நடுவில் மாட்டிக்கொண்ட களிமண் பெரும்பாலும் களிமண்ணாகவே கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது அதுவும் ஒரு பசை மாதிரி இறுகிப் பலம் கொடுக்கும், நனைந்தால் உப்பி இளகி அந்தப் பலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சொல்லப்போனால் சிமெண்டே இல்லாமல் வெறும் மண்ணை நன்றாக அழுத்திக் காயவைத்தாலும் 2 மெகாபாஸ்கல் வரலாம், ஆனால் வாளித் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் சேறாகிவிடும். ஆகவே காய்ந்த எண்ணில் சிமெண்டின் பங்கு எவ்வளவு, களிமண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. களிமண் கூடுதலான மண்ணை எடுத்தால் காய்ந்த எண் அழகாக ஏறும், நனைந்த எண் இறங்கும். தாளில் நல்ல பெயர் வாங்க இதைவிடச் சுலபமான வழி இல்லை!

சரி, 3.3 போதுமா? அதற்கு முன்னால் அந்த 3.3-ஐயே கொஞ்சம் குறைக்க வேண்டும். குட்டையான கல்லை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து அமுக்கும்போது, தட்டின் உராய்வு கல்லைப் பக்கவாட்டில் விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அதனால் கல் தன் தகுதிக்கு மேல் பலம் காட்டும். கல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு பொய். இதைச் சரிசெய்ய உயரத்தை அகலத்தால் வகுத்து வரும் விகிதத்துக்கு ஏற்ப ஒரு திருத்தப் பெருக்கியைப் போடுவார்கள்: விகிதம் 0.4 என்றால் 0.5, 0.7 என்றால் 0.6, 1 என்றால் 0.7, 3 என்றால் 0.85. நம் மண்கல்லின் விகிதம் 100க்கு 190, அதாவது 0.53. பெருக்கி 0.54. திருத்திய பலம் 1.8. செங்கல் 2.5 ஆகிறது. உயரமான கான்கிரீட் கல்லுக்குப் பெருக்கியே 0.72 என்பதால் அது 3.5-ல் நிற்கிறது. வெவ்வேறு அளவுள்ள கற்களின் எண்களை இந்தத் திருத்தம் இல்லாமல் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, ஒருவனை நாற்காலியில் ஏற்றிவிட்டு இன்னொருவனோடு உயரம் ஒப்பிடுவது மாதிரி.

1.8 கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் வீடு கேட்பது அதைவிடச் சின்னது. 190 மி.மீ. கனம், 3 மீட்டர் உயரம் உள்ள மண்கல் சுவர் பூச்சோடு மீட்டருக்கு 11 கிலோநியூட்டன் எடை. கூரைத் தளத்தின் எடையும் அதன் மேல் வரும் சுமையும் சேர்த்து சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன், இரண்டு பக்கமும் மூன்றரை மீட்டர் அறை என்றால் நடுச்சுவருக்கு 21. மொத்தம் 32. சுவரின் கனத்தால் வகுத்தால் 0.17 மெகாபாஸ்கல், அவ்வளவுதான். சுவர் என்பது கல் மட்டும் இல்லை, கலவையும் வேலையாளின் கையும் உண்டு என்பதால் 1.8-ஐ 1.3 ஆக்குவோம், பாதுகாப்புக்கு நாலால் வகுப்போம், 0.33 வரும். நனைந்த நிலையிலும் ஒரு தளத்துக்குத் தாராளமாகப் போதும். மாடி போட்டால் தேவை 0.34 ஆகிறது, அங்கே இந்தக் கல் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறது. மாடிக்கு ஆசை இருந்தால் இன்னும் கெட்டியான கல் செய்ய வேண்டும், அல்லது கீழ்த்தளத்துக்குக் கான்கிரீட் கல் போட வேண்டும். (இது ஒப்பீட்டுக்கான தோராயக் கணக்கு. உங்கள் வீட்டுக்கு ஒரு பொறியாளர் உட்கார்ந்து போடட்டும்.)

ஒரு தளத்துக்குப் பலம் பிரச்சினை இல்லை என்றால் மண்கல் வீடுகள் எங்கே கெடுகின்றன? பெரும்பாலும் அடிவரிசையில். மழைச்சாரல் தெறித்து நனைவது, காய்வது, மறுபடி நனைவது என்று முகம் உரிந்து மணல் உதிரும். ஒரே ஒரு தடவை ஊறவைத்து எடுக்கும் உறிஞ்சல் சோதனை இதைப் பற்றி வாயே திறக்காது. அதற்கு 5 மணி நேரம் ஊறவைத்து, 71 டிகிரி ஓவனில் 42 மணி நேரம் காயவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, இப்படிப் பன்னிரண்டு சுற்று போய், எத்தனை சதவீதம் எடை உதிர்ந்தது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு மாதம் பிடிக்கும் என்பதால் எல்லோரும் தவிர்ப்பார்கள்.

உறிஞ்சல் சோதனையில் மண்கல்லுக்கென்றே இன்னொரு பொறி இருக்கிறது. முறை எளிது: ஓவனில் 105 டிகிரிக்கு மேல், எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து நிறுக்க வேண்டும், 24 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியால் துடைத்து, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி நிறுக்க வேண்டும். கூடிய எடையைக் காய்ந்த எடையால் வகுத்தால் சதவீதம். நம் கல் காய்ந்து 8.00 கிலோ, ஊறி 8.88 கிலோ, 11 சதவீதம். இப்போது சுமாரான ஒரு கல்லை எடுங்கள். அதுவும் 8.00 கிலோ, ஆனால் தொட்டியில் அதன் விளிம்புகள் கரைந்து 160 கிராம் மண் அடியில் தங்கிவிட்டது. வெளியே எடுத்து நிறுத்தால் 8.72. கணக்கு போட்டால் 9 சதவீதம்! கரைந்த கல்லுக்கு நல்ல மார்க். தொட்டி அடியில் தங்கியதை வடிகட்டிக் காயவைத்து நிறுத்து, மிச்சமிருந்த 7.84 கிலோவை வைத்து வகுத்தால்தான் உண்மையான 11.2 தெரியும். செங்கல்லையும் கான்கிரீட்டையும் சோதித்தே பழகியவர்கள் இந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிடுவார்கள், ஏனென்றால் அவற்றில் கரைய ஒன்றும் இருப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அந்தத் தண்ணீரின் நிறத்தைத்தான். அப்புறம், உறிஞ்சலுக்காக ஓவனில் வைத்த கல்லைப் பலம் பார்க்கும் சோதனைக்கு எடுக்காதீர்கள், முக்கியமாக 28 நாள் ஆகாத கல்லை. சூடு சிமெண்டின் வேலையைப் பாதியில் நிறுத்திவிடும்.

கல் செய்யும் இடத்தில் நனைந்த பலத்தை உயர்த்த என்ன செய்யலாம்? 1950களில் கொலம்பியாவின் போகோட்டாவில் ராவுல் ராமிரெஸ் வடிவமைத்த சின்வா-ராம் கைநெம்பு அச்சு வந்த காலத்திலிருந்து ஆட்கள் அச்சின் அழுத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு மண் அதைவிட முக்கியமாகப் படுகிறது. களிமண் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும்படி மணல் சேர்த்தால், அதே சிமெண்டுக்கு நனைந்த பலம் ஏறும். தண்ணீர் சேர்த்த கலவையை அரை மணிக்குள் அழுத்திவிட வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து அழுத்திய கல்லை அடுக்கில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, தொட்டியில்தான் தெரியும். அச்சின் கொள்ளளவு மாறாது என்பதால் ஒவ்வொரு தடவையும் போடும் மண்ணை நிறுத்துப் போட்டாலே அடர்த்தி சீராக இருக்கும். கண்ணளவில் போட்டால் ஒரே நாளில் செய்த கற்களிலேயே கெட்டியும் சொத்தையும் கலந்து வரும். முதல் வாரமாவது ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும்.

நானாக இருந்தால் இப்படித்தான் எடுப்பேன்: ஒரு தளத்து வீடு, கூரை நன்றாக வெளியே நீண்டிருக்கிறது என்றால் சுவருக்கு மண்கல், ஆனால் தரையிலிருந்து சாரல் தெறிக்கும் உயரம்வரை செங்கல்லோ கான்கிரீட்டோ. கல் வாங்கும் முன் அந்த அடுக்கிலிருந்து பத்துக் கல் கண்ணை மூடி எடுத்து, ஐந்தைக் காய்ந்தபடியும் ஐந்தை ஒரு நாள் ஊறவைத்தும் உடைக்கச் சொல்வேன். நனைந்தது காய்ந்ததில் பாதிக்குப் பக்கத்தில் வந்தால் சரி, மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் காய்ந்த எண் 10 என்று இருந்தாலும் அந்த அடுக்கு வேண்டாம். ஐந்தின் சராசரி மட்டும் எழுதித் தந்தால் ஐந்து எண்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள், சுவரில் உதிரப் போவது அந்த ஐந்தில் கடைசியாக வந்த கல்.