புல் பாலமும் இரும்புப் பாலமும்

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், அபூரிமாக் ஆற்றின் பள்ளத்தாக்கில் அருகருகே இரண்டு பாலங்கள் இருக்கின்றன. ஒன்று வாகனங்கள் போகும் இரும்புப் பாலம். மற்றது, இன்கா காலத்து முறையில் புல்லால் பின்னிய கேஸ்வாச்சாக்கா. நீளம் ஏறத்தாழ 30 மீட்டர்.

சுமையை வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. புல் பாலத்தில் ஆட்கள் மட்டுமே நடக்கலாம், அதுவும் ஊசலாடிக்கொண்டே. ஆனால் பாலம் உருவாகும் விதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பமும் இச்சுப் புல்லை நனைத்து, கல்லால் தட்டி, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி மெல்லிய கயிறாகத் திரித்துக் கொண்டுவருகிறது. அவற்றை முறுக்கிப் பெருங்கயிறுகள் ஆக்குகிறார்கள்: நான்கு நடப்பதற்கு, இரண்டு கைப்பிடிக்கு. பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிடுகிறார்கள்; புல்தானே, மட்கிவிடும்.

பலவீனம் இதுதான்: மழையிலும் வெயிலிலும் புல் நைந்துபோகும். அதனால் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நான்கு ஊர்க்காரர்கள் கூடி மூன்றே நாளில் புதிதாகக் கட்டுகிறார்கள். இரும்பு பராமரிப்பில்லாமல் சில ஆண்டுகள் தாங்கும், புல் தாங்காது. 2020இல் பெருந்தொற்றால் புதுப்பிக்கவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அதே ஜூனில் மீண்டும் கட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து பொறியாளரோ இயந்திரமோ வரத் தேவைப்படவில்லை. எனக்கு அந்தப் பாலம்தான் உறுதியானதாகத் தெரிகிறது.