ஸ்பீக்கர் போச்சுன்னு சொல்லி 1200 ரூபா வாங்கிட்டாங்க, கடைசில ஓட்டைக்குள்ள பஞ்சு

பெரம்பூர்ல இருக்கவங்க, அம்மா அப்பா போன வெளிய சர்வீஸுக்கு குடுக்கறவங்க எல்லாரும் இத படிச்சிடுங்க. கடை பேர் போடல, ஆனா இதே மாதிரி எந்த கடைலயும் நடக்கலாம்.

போன மாசம் அம்மா போன்ல சத்தம் நின்னு போச்சு. 3 வருஷ பழைய ஆண்ட்ராய்டு, ஹெட்போன் மாட்டற ரவுண்டு ஓட்டை இருக்கற மாடல். அம்மா ராத்திரில இயர்போன் போட்டு சீரியல் பாப்பாங்க, காலைல கழட்டி வச்சிட்டு சுப்ரபாதம் போட்டா சத்தமே இல்ல. யூட்யூப் ஓடுது, வால்யூம் ஃபுல்லா இருக்கு, ஒண்ணும் கேக்கல. எனக்கு அன்னிக்கு ஆபீஸ் அவசரம், நீயே கடைல காட்டிடும்மான்னு சொல்லிட்டு கெளம்பிட்டேன், அதான் நான் பண்ண தப்பு.

கடைல இருந்த பையன் ஒரு பாட்டு போட்டு பாத்துட்டு "ஸ்பீக்கர் அவுட்டு மா, மாத்தணும், 1200 ஆகும்"னு சொல்லி உள்ள எடுத்துட்டு போயிட்டான். ரெண்டு மணி நேரம் கழிச்சு போனா, ஸ்பீக்கர் மாத்தியாச்சு ஆனா இன்னும் வரல, போர்டுல ஆடியோ ஐசி போயிருக்கு, அதுக்கு 3500ன்றான். மாத்தின ஸ்பீக்கருக்கு 1200 வாங்கிட்டான், பழைய ஸ்பீக்கர திருப்பி குடுக்கல, பில்லும் குடுக்கல. இதெல்லாம் கூட போகட்டும், சாஃப்ட்வேர் பிரச்சனையா இருக்குமோன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்காம மொத்த போனையும் ரீசெட் அடிச்சிட்டான். பாட்டியோட கடைசி நாள் வீடியோ எல்லாம் அந்த போன்லதான் இருந்துச்சு, பேக்கப் போட்டு வைக்கல. அம்மா அத சொல்லும்போது அழுதுட்டாங்க, எனக்கு இன்னும் மனசு ஆறல.

சாயங்காலம் நான் போன கைல வாங்கி வால்யூம் பட்டன அமுக்கினேன். திரைல வந்த வால்யூம் பார்ல ஸ்பீக்கர் படத்துக்கு பதிலா குட்டியா ஹெட்போன் படம். ஹெட்போன் மாட்டவே இல்ல! ப்ளூடூத்தும் ஆஃப். அப்புறம் அப்பா போன்ல இருந்து கூப்பிட்டு பாத்தேன், ரிங் நல்லா சத்தமா அடிக்குது. எடுத்து காதுல வச்சா அப்பா பேசறது ஒண்ணும் கேக்கல, ஸ்பீக்கர் பட்டன தட்டின ஒடனே கணீர்னு கேக்குது. ஸ்பீக்கரும் செத்து ஐசியும் செத்த போன்ல ரிங் எப்படி அடிக்கும், அம்மாகிட்ட கேட்டா காலைல கடைக்கு போறதுக்கு முன்னாடியே அலாரம் அடிச்சுதாம். அந்த பையன் பாட்டு மட்டும் போட்டு பாத்திருக்கான், ஒரு கால் கூட போட்டு பாக்கல.

அடுத்த நாள் எங்க தெரு முனைல ஒரு சின்ன பெட்டிக்கடை அளவு சர்வீஸ் வச்சிருக்கற அண்ணன்கிட்ட போனேன். அவர் முதல்ல கேட்டது "போன எங்கம்மா வச்சிப்பீங்க?". அம்மா நைட்டி பாக்கெட்டுன்னாங்க. அவர் தலைய ஆட்டிட்டு டார்ச் அடிச்சு அந்த ஓட்டைய காட்டினார். அடில சாம்பல் கலர்ல அடை மாதிரி ஒண்ணு ஒட்டிட்டு இருந்துச்சு. நைட்டில இருந்து வர்ற பஞ்சு தூசிதான், ஒவ்வொரு தடவ இயர்போன சொருகும்போதும் அதோட முனை அத இன்னும் உள்ள தள்ளி இறுக்கி வச்சிடுது, நம்ம ஊரு வேர்வை வேற சேர்ந்தா கெட்டியாயிடும்.

அவர் சொன்னது எனக்கு நல்லா புரிஞ்சுது, அதனால எழுதறேன். அந்த ஓட்டைக்குள்ள சின்ன சின்ன தகடு ஸ்ப்ரிங் மாதிரி நிக்கும், இயர்போன் பின் உள்ள போனா அது தகட்ட நகத்தும், அத வச்சுதான் போன் "ஹெட்போன் வந்துடுச்சு"ன்னு தெரிஞ்சிக்கிட்டு சத்தத்த அந்த பக்கம் திருப்பும். பின்னுக்கு பதிலா பஞ்சு தகட்ட தள்ளி பிடிச்சிருந்தாலோ ஈரத்தால ரெண்டு தகடு ஒண்ணா சேர்ந்தாலோ போனுக்கு வித்தியாசம் தெரியாது. ரிங்கும் அலாரமும் ஹெட்போன் மாட்டியிருந்தாலும் ஸ்பீக்கர்லயும் சேர்ந்து அடிக்கற மாதிரிதான் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன் இருக்கும், அதனாலதான் அது மட்டும் கேட்டுச்சு.

அவர் போன ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு ஓட்டை கீழ பாக்கற மாதிரி பிடிச்சு, மரத்துல செஞ்ச பல்குச்சி முனைய இன்னும் மெல்லிசா சீவி, சுவர் ஓரமா விட்டு மெதுவா சுத்தி இழுத்தார். ஒரு துண்டு மொச்சக்கொட்டைல பாதி இருக்கும், பஞ்சும் அழுக்கும் சேர்ந்து உருண்டையா வந்துச்சு. குண்டூசி, சேஃப்டி பின் விடவே கூடாதுன்னு சொன்னார், தகடு வளைஞ்சா அப்புறம் நெஜமாவே செலவு. வாயால ஊதவும் கூடாது, எச்சில் ஈரம் உள்ள போகும்.

போன ஆன் பண்ணா அப்பவும் ஹெட்போன் படம் போகல, எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. அவர் அசரல, இயர்போன நாலஞ்சு தடவ முழுசா சொருகி எடுத்தார், தகடு பழைய எடத்துக்கு வரணுமாம், அப்புறம் பவர் பட்டனையும் வால்யூம் கீழ பட்டனையும் சேர்த்து அமுக்கி ரீஸ்டார்ட் பண்ணார். படம் போயிடுச்சு, பாட்டு ஸ்பீக்கர்ல வந்துச்சு. 50 ரூபா வாங்கிக்கிட்டார்.

அந்த முதல் கடைல பண்ணது எவ்ளோ தேவையில்லாததுன்னு அப்பதான் தெரிஞ்சுது. நீங்க இந்த நெலமைல இருந்தா ப்ளூடூத்த ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஆன் ஆன ஒடனேயே ஹெட்போன் படம் இருந்தா விஷயம் அந்த ஓட்டைல இருக்க வாய்ப்பு அதிகம், எந்த ரீசெட்டும் பஞ்ச எடுக்காது. ப்ளூடூத் இயர்பட்ஸ் சத்தத்த விடாம தன் பக்கமே இழுத்துட்டு இருந்தா மட்டும் செட்டிங்ஸ்ல Reset network settings போடலாம், அதுல வைஃபை பாஸ்வேர்டு, சேர்த்து வச்ச ப்ளூடூத் லிஸ்ட்டு, மொபைல் நெட் செட்டிங் மாதிரி நெட்வொர்க் விஷயம்தான் போகும், போட்டோ போகாது. Factory data reset-ங்கறது வேற, அது எல்லாத்தையும் அழிச்சிடும், அத கடைக்காரர் கைல விடாதீங்க.

ரவுண்டு ஓட்டை இல்லாத போன்லயும் இது வரும், டைப் சி போர்ட்ல ஈர அழுக்கு உள்ள பின்ன ஷார்ட் பண்ணா அதே ஹெட்போன் படம் வரலாம். சார்ஜர் சொருகினா டக்குன்னு உள்ள உக்காராம கொஞ்சம் வெளிய துருத்திட்டு இருந்தா உள்ள பஞ்சு இருக்குன்னு அர்த்தம். அதுல நடுவுல ஒரு மெல்லிய நாக்கு இருக்கும், அத தொடாம ஓரமா மட்டும் எடுக்கணும்.

சுத்தம் பண்ணியும் படம் போகலன்னா ஜாக், அதாவது அந்த ரவுண்டு ஓட்டையோட தகடு துருப்பிடிச்சிருக்கலாம், அப்ப ஜாக்க மாத்தணும், நெறைய போன்ல அது சார்ஜிங் இருக்கற சின்ன சப் போர்டுலயே வரும். ஹெட்போன் படமே இல்லாம ரிங், அலாரம், கால்ல ஸ்பீக்கர் எதுவுமே கேக்கலன்னாதான் ஸ்பீக்கர சந்தேகப்படணும்.

அந்த கடைக்கு நான் திரும்ப போய் கேட்டேன், பில் இருக்கான்னு கேக்கறான், குடுக்காதவனே அவன்தான். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணலாம்னு இருக்கேன், ஜிபேல கட்டின ஹிஸ்டரி மட்டும் கைல இருக்கு. அம்மாவுக்கு பாட்டி வீடியோ இன்னும் கெடைக்கல, சித்தி போன்ல ஏதாவது அனுப்பினது இருக்கான்னு தேடிட்டு இருக்கோம்.