பில் பிரிண்டரும் டெலிவரி பையனின் போனும்: கும்பகோணம் மளிகைக் கடையில் கண்டது

வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுப்பில் ஊருக்கு வருகிறவர்களிடம் சொந்தக்காரர்களின் கடையில், "நெட்டு விட்டு விட்டு வருது, கொஞ்சம் பாருங்களேன்" என்ற பேச்சு கட்டாயம் வரும். கும்பகோணத்தில் ஒரு மளிகைக் கடையில் இந்தத் தொல்லை நான்கு மாதமாக இருந்தது. பில்லிங் கம்ப்யூட்டரில் பில் போட்டால் பிரிண்டர் அசையாது. பத்து நிமிடம் கழித்து, தேங்கிக் கிடந்த ஐந்தாறு பில்லும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வரும். அதற்குள் வாடிக்கையாளர்கள் போயிருப்பார்கள்.

சர்வீஸுக்கு ஆள் வராமல் இல்லை. நெட்காரர் வந்து லைனைச் சோதித்தார், சரியாக இருந்தது. பிரிண்டர்காரர் கேபிளையும் ஸ்விட்சையும் மாற்றிவிட்டுக் காசு வாங்கிப் போனார். கேபிள் மாற்றிய அன்று நன்றாகவே ஓடியது. அவரவர் பொருளில் குறை இல்லை என்று இருவரும் சொன்னது உண்மைதான். குறை இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

பிரிண்டரைப் பொருத்தியவர் அதற்கு 192.168.1.100 என்ற நெட்வொர்க் முகவரியை நிலையாகக் கொடுத்திருந்தார். நினைவில் வைக்க வசதியான எண். ஆனால் ரவுட்டர் மற்ற கருவிகளுக்குத் தானாகப் பங்கிடும் எண்களும் அதே 100-இல்தான் தொடங்கின. காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும் ரவுட்டர் எழும். இரவில் கரண்ட் போனதில் பழைய பங்கீட்டுக் கணக்கு அதற்கு மறந்துவிடும். முதலில் வைஃபையில் சேர்வது டெலிவரி பையனின் போன், அதற்கு முதல் எண்ணான 100 போய்விடும். கொடுப்பதற்கு முன் அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று ரவுட்டர் கேட்டுப் பார்த்தாலும் பயனில்லை, ஏனென்றால் பிரிண்டரை அப்போது இன்னும் போட்டிருக்க மாட்டார்கள். ஒன்பது மணிக்குப் போடும்போது பிரிண்டர் ரவுட்டரிடம் எதையும் கேட்காது. தன் எண் 100 என்று நேராக வேலையைத் தொடங்கிவிடும்.

அதன்பின், "100 யார்?" என்று கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம் இருவரும் பதில் சொல்வார்கள். யார் பதில் நிற்கிறதோ அவருக்கு பில் போகும். போனுக்குப் போனால் அது வாங்காது, பில் வரிசையில் தேங்கும். பையன் சரக்கோடு வெளியே போனால் எல்லாம் சரியாகிவிடும். சர்வீஸ்காரர் வந்த நேரம் அவன் கடையில் இருந்தானா என்று யாரும் பார்க்கவில்லை.

விண்டோஸ் தன் எண்ணுக்கே மோதல் வந்தால் எச்சரிக்கை காட்டும். இங்கே மோதியவை வேறு இரண்டு கருவிகள் என்பதால் கம்ப்யூட்டர் திரையில் பிரிண்டர் ஆஃப்லைன் என்பதைத் தவிர வேறு தடயமே இல்லை.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். தகராறு நடக்கிற நேரத்திலேயே செய்ய வேண்டும், தூங்குகிற போன் பதில் சொல்லாமல் இருக்கலாம். பிரிண்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடியுங்கள்:

```
arp -d 192.168.1.100
ping 192.168.1.100
arp -a
```

கேபிள் இல்லாத பிரிண்டர் பதில் சொல்லக் கூடாது. அங்கே `arp -a` பட்டியலில் 100-க்கு நேராக `d6-3e-91-0c-52-b8` என்ற மேக் முகவரி, அதாவது பதில் சொன்ன கருவியின் அடையாள எண், வந்து நின்றது. இரண்டாவது எழுத்து 2, 6, a, e இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் போன் தானே உருவாக்கிக்கொண்ட மேக் முகவரி. பிரிண்டரின் சொந்த மேக் முகவரி அதன் செல்ஃப் டெஸ்ட் தாளில் இருக்கும். பெரும்பாலான பில் பிரிண்டர்களில் ஃபீட் பட்டனை அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால் அந்தத் தாள் வரும்.

பிரிண்டரை 192.168.1.20-க்கு மாற்றியதும் தொல்லை நின்றது. ரவுட்டர் 100 முதல் 200 வரைதான் பங்கிடுகிறது என்பதால் 20 அதன் கைக்கு எட்டாது. மாற்றிய பிறகு விண்டோஸில் `Printer properties` போய், `Ports` பகுதியில் புது எண்ணுக்கு ஒரு `Standard TCP/IP Port` சேர்க்க வேண்டும். இதை மறந்தால் பில்கள் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும்.

ரவுட்டரிலேயே 100-ஐப் பிரிண்டருக்கென ஒதுக்கி வைப்பதும் சரியான வழிதான். ஆனால் அந்த ஒதுக்கீடு ரவுட்டருக்குள் மட்டும் இருக்கிறது. நெட்காரர் பெட்டியை மாற்றும் நாளில் அதுவும் போய்விடும். புதுப் பெட்டி 2 முதல் 254 வரை பங்கிடுவதாக வந்தால் 20-க்கும் அதே கதி. அதனால் பெட்டி மாறினால், ரவுட்டர் எண்களைப் பங்கிடும் `DHCP` பக்கத்தில் தொடக்க எண்ணை 100 ஆக்கச் சொல்லி, பிரிண்டரின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறது. கேமராப் பெட்டியின் எண்ணையும் பார்த்தபோது அது 108-இல் நிலையாக நின்றது. அதை 21-க்கு மாற்றியாயிற்று.