கணக்கு இலக்கம் மாறிவிட்டதாம்: ஈமெயிலா, வாட்ஸ்அப்பா, தொலைபேசிக் கோலா, சோதனைப் பணமா?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறேன். போன வருடம் பக்கத்துக் கடைக்கு நடந்ததை வைத்தே, விற்பவரின் வங்கிக் கணக்கு மாறியதாகச் செய்தி வந்தால் அதை எந்த வழியில் உறுதிப்படுத்துவது என்ற இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

சீனாவின் குவாங்டொங்கிலிருந்து 24,000 டொலர் சரக்கு. 30 வீத முற்பணமாக 7,200 டொலர் போய்விட்டது. மீதி 16,800 டொலரை, கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணமான பில் ஒப் லேடிங்கின் பிரதி வந்ததும், வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் டிடி மூலம் அனுப்ப வேண்டும். பிரதி வந்தது, இன்வொய்ஸும் வந்தது. கூடவே ஒரு வரி: "எங்கள் கணக்கில் ஓடிட் நடக்கிறது, இம்முறை ஹொங்கொங் கணக்குக்கு அனுப்புங்கள்." குவாங்டொங் வியாபாரிகள் பலர் உண்மையிலேயே ஹொங்கொங்கில் கணக்கு வைத்திருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பத்து நாள் கழித்து விற்பவர் கேட்டார்: "மீதி எப்போது வரும்?"

விற்பவரின் மெயில் பெட்டிக்குள் வேறொருவர் புகுந்திருக்கிறார். வருகிற மெயில் எல்லாம் தனக்கும் ஒரு பிரதி வரும்படி விதி போட்டுவிட்டு, மீதிப் பணம் கேட்கும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார். சரக்கு உண்மை, பில் ஒப் லேடிங் உண்மை, தொகையும் உண்மை. கணக்கு இலக்கம் மட்டும் பொய்.

பக்கத்துக் கடைக்காரரைக் கவனமில்லாதவர் என்று சொல்ல முடியாது. "கணக்கு மாறியது சரிதானா?" என்று அதே மெயிலுக்குப் பதில் எழுதிக் கேட்டார். பத்து நிமிடத்தில் "ஆம்" என்று வந்தது, முத்திரை குத்திய கடிதத்தோடு. பெட்டி திருடன் கையில் இருக்கும்போது, திருடனிடமே திருட்டைப் பற்றி விசாரித்த கதைதான் இது. பெட்டிக்குள் புக முடியாதவர்கள் முகவரியை மாற்றி எழுதுவார்கள், m இருக்கும் இடத்தில் rn போட்டு. அதைக் கண் கண்டுபிடிக்கலாம். உண்மையான பெட்டியிலிருந்தே வரும் மெயிலில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப் கொஞ்சம் மேல், ஆனால் எந்த இலக்கம் என்பதில்தான் விஷயம். புதிய இன்வொய்ஸின் அடியில் அச்சடித்திருக்கும் இலக்கத்துக்கு எழுதினால் மெயிலில் கேட்டதற்குச் சமம். பழைய இலக்கமே என்றாலும் அந்த வாட்ஸ்அப் கணக்கும் களவு போயிருக்கலாம், எழுத்தில் குரல் தெரியாது.

நான் நம்புவது கோலைத்தான். மெயிலில் உள்ள இலக்கம் வேண்டாம். முதல் ஓடரின்போது எழுதி வைத்த இலக்கத்துக்கு நாமே எடுக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் கோல் கணக்கில் சேராது. இன்னொன்று, புதிய கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களை நாம் வாசித்து "சரியா?" என்று கேட்கக் கூடாது, அவர்களைச் சொல்ல வைக்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் மனிதர் எதற்கும் "சரி சரி" என்பார். இதற்கு நேரமும் பார்க்க வேண்டும். அங்கே இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, நமக்கு மாலை மூன்றரை என்றால் அங்கே ஆறு மணி. வெள்ளி பின்னேரம் வரும் "இன்றே அனுப்புங்கள்" மெயிலுக்கு என் பதில் திங்கள்தான்.

சிலர் சிறு தொகை அனுப்பிப் பார்ப்பார்கள், உதாரணமாக 117 டொலர். நல்ல யோசனைதான், ஆனால் "வந்துவிட்டது" என்ற பதிலை மெயிலில் வாங்கினால் வீண், ஏனென்றால் காசு திருடனிடம் சரியாகத்தான் போய்ச் சேரும். எவ்வளவு வந்தது என்று பழைய இலக்கத்தில் கேட்டால்தான் பயன். அப்போதும் கோல் எடுத்தே ஆக வேண்டும், கூடவே வங்கிக் கட்டணமும் தாமதமும் (இடையில் போயா வந்தால் இன்னும் ஒரு நாள்).

பெயர் சரியாக எழுதினால் போதும் என்ற நம்பிக்கையும் எங்கள் தெருவில் உண்டு. டிடி படிவத்தில் விற்பவரின் பெயரையே எழுதினாலும், பெறும் வங்கி பெயரை ஒப்பிடாமல் கணக்கு இலக்கத்தை மட்டும் பார்த்து வரவு வைத்துவிடக்கூடும்.

பணம் கட்டினால்தான் வங்கி சரக்கின் ஆவணங்களைக் கையில் தரும் டிபி முறை வேறு ரகம். விற்பவரின் வங்கி ஆவணங்களை நம் வங்கிக்கு அனுப்பும், பணத்தை எங்கே செலுத்துவது என்பதையும் அந்த வங்கியே தன் கடிதத்தில் எழுதும். கணக்கு இலக்கம் ஈமெயில் வழியாக வருவதே இல்லை, எனவே மாற்ற இடமும் மிகக் குறைவு. செலவு அதிகம், சிறிய ஓடருக்கு விற்பவரும் விரும்பமாட்டார். முதலாளியிடம் நான் சொன்னது: பெரிய ஓடருக்கு டிபி, மற்றதற்கு டிடியோடு கோல்.

பக்கத்துக் கடையின் வங்கி, பணத்தைத் திருப்பித் தருமாறு ஸ்விஃப்ட் செய்தி அனுப்பியது. முதல் நாளே தெரிந்திருந்தால் கணக்கை முடக்கவாவது வாய்ப்பிருந்திருக்கும். பத்து நாள் கழித்துக் கணக்கில் ஒன்றுமில்லை. எங்கள் கடையில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது: யார் கோல் எடுத்தது, எந்த இலக்கத்துக்கு, யார் பேசினார், கடைசி நான்கு இலக்கம் என்ன. அந்த வரி நிரம்பாத டிடி படிவத்தில் முதலாளி கையெழுத்து வைப்பதில்லை.