போனில் 280, லேப்டாப்பில் 45: எந்த ஸ்பீடு டெஸ்ட் சரி?

300 எம்பிபிஎஸ் இணைப்பில் இப்படி வந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம். அளந்த பாதைதான் வேறு. பெரும்பாலும் போன் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையிலும் லேப்டாப் 2.4-லும் இருக்கும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இதை ஓட்டிப் பாருங்கள்:

```
netsh wlan show interfaces
```

Channel 1 முதல் 13-க்குள் என்றால் பொதுவாக 2.4தான். அங்கே அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசலில் 45 வருவது சாதாரணம்.

இரண்டையும் ஒரே வைஃபை பேண்டுக்கு மாற்றியபின்னும் வித்தியாசம் இருந்தால் பிரவுசரைச் சந்தேகிக்கலாம். போன் ஆப் நேரடியாக சர்வரோடு பேசுகிறது. பிரவுசரில் வரும் தரவு எக்ஸ்டென்ஷன், ஆன்டிவைரஸ் சோதனை எல்லாம் தாண்டி வரவேண்டும். பழைய லேப்டாப் இதிலேயே திணறும். இன்காக்னிட்டோவில் ஒருமுறை ஓட்டினால் எக்ஸ்டென்ஷனின் பங்கு தெரிந்துவிடும்.

நியாயமாக ஒப்பிட, போனின் மொபைல் டேட்டாவையும் இரண்டிலும் விபிஎன்னையும் அணையுங்கள். ஒரே சேவையில், ஒரே சர்வரை நீங்களே தேர்ந்தெடுங்கள்; தானாகத் தேர்வதை நம்பவேண்டாம். ஒரே இடத்தில் வைத்து, ஒன்று முடிந்தபின் மற்றொன்றை, மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள்.

இணைப்பையே சோதிக்க லேன் கேபிள்தான் மேல். அதில் எப்போதும் 94 அருகிலேயே நின்றால் பெரும்பாலும் போர்ட்டோ கேபிளோ 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது.