ஒரே கிரவுண்ட் தளமா, பிரித்த கிரவுண்டா? முதல் பிசிபிக்கு ஒரு ஒப்பீடு

ஒரு சின்ன போர்டை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், அதை ஓட்டும் மாஸ்ஃபெட், 5 வோல்ட்டில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், வெப்பத்தை அளக்க எல்எம்35. இரண்டு லேயர், 35 மைக்ரான் செப்பு. இதில் கிரவுண்டை எப்படிப் போடுவது?

கையில் ஒரு கணக்கு இருந்தால் போதும். 35 மைக்ரான் செப்பில், சதுரம் சின்னதோ பெரியதோ, ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மின்தடை சுமார் அரை மில்லியோம்தான். ஒரு டிரேஸில் எத்தனை சதுரம் அடங்கும் என்று எண்ணினால் அதன் மின்தடை தெரிந்துவிடும்.

முதல் வழி, கிரவுண்டையும் மற்ற வயர்போல ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுக்கொண்டே இழுப்பது. பவர் கனெக்டர், மைக்ரோகன்ட்ரோலர், சென்சார், கடைசியில் மாஸ்ஃபெட். சென்சாருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் நடுவே 1 மிமீ அகலத்தில் 50 மிமீ டிரேஸ் என்றால் 50 சதுரம், அதாவது 25 மில்லியோம். மோட்டாரின் 2 ஆம்பியரும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். சென்சாரின் கிரவுண்ட் 50 மில்லிவோல்ட் மேலே ஏறிவிடும். எல்எம்35 ஒரு டிகிரிக்குத் தருவதே 10 மில்லிவோல்ட். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அறை 5 டிகிரி சூடாகிவிட்டதாகத் திரை காட்டும். கோடில் எவ்வளவு தேடினாலும் இந்தப் பிழை அகப்படாது.

இரண்டாவது வழி ஸ்டார் கிரவுண்ட். ஒவ்வொரு பகுதிக்கும் தனி கிரவுண்ட் டிரேஸ், எல்லாம் பவர் கனெக்டரில் மட்டும் சேரும். மோட்டார் மின்னோட்டம் சென்சாரின் பாதையில் போகாததால் அந்த 5 டிகிரி பிழை போய்விடும். ஆனால் வேகமாக மாறும் சிக்னலுக்கு இது ஒத்துவராது. மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குப் போன சிக்னல், தன் கிரவுண்டைத் தேடி கனெக்டர் வரை போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும். அந்தப் பெரிய வளையம் ஆன்டெனா வேலை செய்யும்.

மூன்றாவது, ஒரு லேயர் முழுக்கச் செப்பாக விடும் கிரவுண்ட் தளத்தையே அனலாக், டிஜிட்டல் என்று வெட்டிப் பிரிப்பது. பழைய சர்க்யூட் குறிப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். பிளவின் மேல் எந்த டிரேஸும் குறுக்கே போகாதவரை சரி. முதல் போர்டில் அது நடப்பது அரிது. ஏதாவது ஒரு சிக்னல் தாண்டிவிடும், ஸ்டார் கிரவுண்டின் அதே தொல்லை திரும்ப வந்துவிடும்.

என் ஓட்டு நான்காவதற்கு: கீழ் லேயர் முழுக்க ஒரே கிரவுண்ட் தளம், டிரேஸெல்லாம் மேலே. வேக சிக்னலின் திரும்பு மின்னோட்டம் தன் டிரேஸுக்கு நேர் கீழேயே ஓடும், வளையம் சிறியதாக இருக்கும். மோட்டாரின் நேர்மின்னோட்டமோ தளத்தில் பரவிப் போகும். அதனால்தான் உறுப்புகளை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியமாகிறது. பவர் கனெக்டர், மோட்டார் கனெக்டர், மாஸ்ஃபெட், எதிர்மின்னோட்ட டையோடு, பெரிய கெப்பாசிட்டர் எல்லாம் ஒரே ஓரத்தில் நெருக்கமாக. சென்சார் எதிர் ஓரத்தில், மைக்ரோகன்ட்ரோலர் நடுவில். இப்போது 2 ஆம்பியர் பாயும் இடம் ஏறக்குறைய ஒரு சதுரம், அதாவது 1 மில்லிவோல்ட். அதுவும் சென்சார் பக்கம் எட்டிப் பார்க்காது. கத்தியால் பிரிக்க நினைத்ததை இடமே பிரித்துவிடுகிறது.

இந்தத் தளத்தைக் கெடுப்பது கீழே இழுக்கும் நீளமான டிரேஸ். வேறு வழியில்லை என்றால் குட்டையாகத் தாண்டி உடனே மேலே வந்துவிடுங்கள். KiCad-ல் `B` அழுத்தித் தளத்தை நிரப்பியபின் `B.Cu` லேயரை மட்டும் பாருங்கள். லேயர்களை இணைக்கும் துளைகளான வயாக்களை வரிசையாக வைத்திருந்தால், அவற்றைச் சுற்றிய இடைவெளிகள் ஒட்டிக்கொண்டு நீளப் பிளவாகியிருக்கலாம். தளம் வேறு வழியாகச் சேர்ந்திருந்தால் KiCad-ன் விதிச் சோதனையான டிஆர்சி அதைப் பிழை என்று சொல்லாது.

டிரேஸ் அகலத்துக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். சிக்னலுக்கு 0.25 மிமீ தாராளம். மோட்டாருக்கு அதே அகலம் கூடாது. பிசிபி வடிவமைப்புத் தரநிலையான ஐபிசி-2221-ன் சூத்திரப்படி 2 ஆம்பியரில் அது சுற்றுப்புறத்தைவிட 60 டிகிரிக்கு மேல் சூடேறும். 10 டிகிரியோடு நிறுத்த வெளி லேயரில் சுமார் 0.8 மிமீ வேண்டும். இடம் இருந்தால் 2 மிமீ போடுங்கள், செப்புக்குத் தனிக் காசில்லை.

போர்டு கைக்கு வந்ததும் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை சென்சாரின் கிரவுண்ட் பின்னிலும் மற்றதை மைக்ரோகன்ட்ரோலரின் கிரவுண்ட் பின்னிலும் தொட்டு, மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். 1 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்று ஏறினால் மோட்டாரின் மின்னோட்டம் எங்கோ சென்சார் வழியாகத் திரும்புகிறது.