நடுங்கும் கையும் திருடும் கையும்: அஷ்அரிகளின் ‘கஸ்பு’ கொள்கை

வாத நோயாளி ஒருவரின் கை நடுங்கி, பக்கத்தில் இருந்த விளக்கு விழுந்து உடைகிறது. இன்னொருவர் கையை நீட்டி அடுத்தவர் பணப்பையை எடுக்கிறார். இரண்டும் கையின் அசைவுதான். எல்லாவற்றையும் படைப்பவன் அல்லாஹ் என்றால், இரண்டாமவரை மட்டும் குற்றவாளி என்பது எப்படி?

தொடக்க கால இஸ்லாமிய இறையியலாளர் ஜஹ்ம் பின் ஸஃப்வான் (இறப்பு 746) கேள்வியையே கலைத்துவிட்டார். இரண்டு அசைவுகளும் ஒன்றுதான். ‘மரம் அசைந்தது’ என்று சொல்வதைப் போலத்தான் ‘திருடன் திருடினான்’ என்பதும். இறைவல்லமைக்கு இதில் குறையே இல்லை. ஆனால் நடுக்கத்துக்கும் நீட்டலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொருவரும் தனக்குள்ளேயே உணர்கிறோம். அதை மறுக்கும் கொள்கையோடு வெகுதூரம் போக முடியாது.

பகுத்தறிவுக்கு முதன்மை தந்த இறையியல் அணியினரான முஃதஸிலாக்கள் நேர் எதிராகப் போனார்கள். செயலுக்கு முன்பே மனிதனிடம் ஆற்றல் இருக்கிறது, அது செய்யவும் செய்யாமல் விடவும் போதுமானது, செயலை உண்டாக்குபவன் மனிதனே. ஆகவே தண்டனை நியாயம். தெளிவான பதில்தான். விலை என்னவென்றால், உலகில் நடப்பவற்றில் ஒரு பெரும் பகுதி அல்லாஹ்வின் படைப்புக்கு வெளியே போய்விடுகிறது. ‘உங்களையும் நீங்கள் செய்பவற்றையும் அல்லாஹ்வே படைத்தான்’ என்ற வசனத்தை (37:96) எதிர்த்தரப்பினர் காட்டினார்கள். அது சிலை செதுக்கியவர்களிடம் இப்ராஹீம் நபி பேசியது, ‘நீங்கள் செய்பவை’ என்றால் அந்தச் சிலைகள் என்று முஃதஸிலாக்கள் விளக்கினார்கள். அந்த விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

பஸ்ராவில் முஃதஸிலா அறிஞர் ஜுப்பாயீயின் மாணவராக இருந்த அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (இறப்பு 936), நாற்பது வயதை ஒட்டி அந்த அணியை விட்டு விலகினார். ‘கஸ்பு’, அதாவது ஈட்டிக்கொள்ளுதல், அவர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. சொல் குர்ஆனில் இருக்கிறது (2:286). ளிரார் பின் அம்ர் போன்றவர்கள் அவருக்கு முன்பே மனிதச் செயலை விளக்க அதைக் கையாண்டிருந்தார்கள். அஷ்அரீ அதை ஒரு முழுக் கொள்கையாக நிலைநிறுத்தினார்.

அவர் கணக்குப்படி, திருடன் கை நீளும் அந்தக் கணத்தில் அல்லாஹ் இரண்டைப் படைக்கிறான்: அசைவை, அதோடு சேர்ந்து அந்த அசைவுக்கான ஆற்றலை. நோயாளியிடம் அசைவு மட்டும் படைக்கப்படுகிறது, ஆற்றல் இல்லை. இந்த ஆற்றல் செயலுக்கு முன்பு வருவதில்லை. செயலோடு வருகிறது, அந்த ஒரு செயலுக்கு மட்டுமே உரியது. படைக்கப்பட்ட ஆற்றலோடு ஒரு செயல் யாரிடம் நிகழ்கிறதோ, அவர் அதை ஈட்டிக்கொண்டவர்.

சரி, அப்படியானால் திருட்டைப் படைத்தவன் திருடன் ஆகமாட்டானா? மாட்டான் என்கிறார் அஷ்அரீ. ஒரு பொருளில் அசைவைப் படைத்தால் அசைவது அந்தப் பொருள்தான், படைத்தவன் அல்ல. தவிர, அல்லாஹ்வுக்கு மேலே கட்டளையிடுவோர் யாரும் இல்லாததால் அவன் எந்த வரம்பையும் மீறுவதில்லை. மனிதனோ கட்டளைக்கு உட்பட்டவன். முஃதஸிலாக்களுக்குப் பொறுப்பின் வேர் ‘நான் உண்டாக்கினேன்’ என்பதில் இருக்கிறது. அஷ்அரீக்கு அது ‘என்னிடம் என் ஆற்றலோடு நடந்தது, எனக்கு அது தடுக்கப்பட்டிருந்தது’ என்பதில் இருக்கிறது. இந்த இடமாற்றத்தைக் கவனிக்காமல் கஸ்பைப் படித்தால் அது வெறும் வார்த்தை விளையாட்டாகத்தான் தெரியும்.

ஆனாலும் ஒரு முள் உறுத்துகிறது. அந்த ஆற்றல் செயலை உண்டாக்குவதில் எதையும் செய்வதில்லை. பலன் தராத ஆற்றல் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? இது சுற்றி வளைத்து ஜஹ்மிடமே போய்ச் சேர்கிறது என்று இப்னு ருஷ்தும் இப்னு தைமிய்யாவும் குற்றம் சாட்டினார்கள். என் பார்வையில், எந்தச் செயல் ‘என்னுடையது’ என்பதைக் கஸ்பு நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. அது ஏன் என்னைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்குத்தான் அது கட்டளையை மட்டுமே நம்பி நிற்கிறது.

இந்த முள்ளை அஷ்அரீயின் சிந்தனைப் பள்ளிக்குள்ளிருந்தே எடுக்கப் பார்த்தவர் பாகில்லானீ (இறப்பு 1013). அவர் கருத்தை விளக்கப் பின்வந்த நூல்கள் தரும் உதாரணம் அனாதைச் சிறுவனை அறைவது. ஒழுக்கம் கற்பிக்க அறைந்தாலும், துன்புறுத்த அறைந்தாலும், கை அசைவு ஒன்றே; அது அல்லாஹ்வின் படைப்பு. ஆனால் அது நன்மையா பாவமா என்ற தன்மை மனித ஆற்றலால் வருகிறது. நம் திருடனிடமும் அப்படியே: கை நீண்டது படைப்பு, அது திருட்டானது அவன் வேலை.

எனக்கு இதுவே மிக வலுவான வடிவமாகப் படுகிறது, ஏனென்றால் இங்கே மனித ஆற்றலுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைக்கிறது. அப்புறம் ஜுவைனீ (இறப்பு 1085) தன் பிற்கால நூலில் இன்னும் ஒரு படி போய், மனித ஆற்றலுக்குச் செயலிலேயே பங்கு உண்டு என்றார். பள்ளியின் பெரும்பான்மை அவரோடு போகவில்லை. காரணம் புரிகிறது: பாகில்லானீ சொன்ன ‘தன்மை’ உண்மையில் இருக்கும் ஒன்று என்றால் அதையும் படைத்தவன் வேண்டும், வெறும் பெயர்தான் என்றால் மனிதன் மறுபடியும் எதையும் செய்யாதவன் ஆகிறான்.